"ஏழு நாளில் சின்ன நாள் வந்துவிட்டது, நாளைக்கு வெடிக்கும்": என்.ஆர்.7 பற்றி நமதூர் வாலிபர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பங்கு, டொலர், தங்கம் என்று கையடக்கத் தொலைபேசியில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

சில மாதங்களாக நமதூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்தி சுற்றுகிறது. ஒரு வரைபடம். அதன் கடைசிக் கோடு மிகவும் குட்டையாக இருக்கும். கீழே, "இன்று என்.ஆர்.7. விலை சுருங்கி நிற்கிறது. நாளை பெரிய நகர்வு. 85 வீதம் சரி வரும்" என்று எழுதியிருக்கும். இந்தச் செய்தியைக் காசுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நம்பி வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலர் வந்து, "சேர், டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டார்கள். உண்மையான பகுதி ஒன்று இருக்கிறது. அந்த 85 வீதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. இரண்டையும் நாங்கள் கணிதம் படிப்பிக்கும் முறையிலேயே சொல்லப் பார்க்கிறோம்.

முதலில், என்.ஆர்.7 என்றால் என்ன?

ஒரு நாளில் ஒரு பங்கு தொட்ட மிகக் கூடிய விலையிலிருந்து மிகக் குறைந்த விலையைக் கழியுங்கள். வருவது அந்த நாளின் வீச்சு. சாதாரண தரப் புள்ளிவிபரப் பாடத்தில் வரும் அதே வீச்சுத்தான். இன்றைய வீச்சும் இதற்கு முந்திய ஆறு வர்த்தக நாட்களின் வீச்சும் சேர்த்து ஏழு எண்கள். அந்த ஏழில் இன்றையது மிகச் சிறியதாக இருந்தால் இன்று என்.ஆர்.7 நாள். அவ்வளவுதான். விலை ஏறியதா இறங்கியதா என்பது இதில் கணக்கே இல்லை.

எக்செலில் நீங்களே பார்க்கலாம். B நிரலில் கூடிய விலை, C நிரலில் குறைந்த விலை, D நிரலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்து, எட்டாவது வரிசையில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(D8=MIN(D2:D8),"NR7","")
```

இதற்காக யாருக்கும் மாதச் சந்தா கட்டத் தேவையில்லை.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் டோபி கிராபெல் என்ற அமெரிக்க வியாபாரி. 1990இல் வெளியான அவருடைய புத்தகத்தில் அமெரிக்க எதிர்கால ஒப்பந்தச் சந்தைகளின் தினசரி விலைகளை வைத்து இதை ஆராய்ந்திருந்தார். அவருடைய அடிப்படை எண்ணம் இலகுவானது. சந்தை எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. சுருங்கும், பிறகு விரியும், மறுபடியும் சுருங்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஏறத்தாழ ஒரே விலையில் உடன்பட்டு நிற்கும்போதும், ஏதோ ஒரு செய்திக்காக எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்போதும் நாள் குட்டையாகிறது. செய்தி வந்தவுடன் அந்த உடன்பாடு உடைகிறது. உடையும்போது அந்தப் பக்கத்தோடு சேர்ந்து போகலாம் என்பதுதான் அவருடைய முறை.

கவனியுங்கள், விலை எந்தப் பக்கம் போகும் என்று அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுநாள் சந்தை திறக்கும் விலையிலிருந்து மேலே ஒரு தூரத்தில் வாங்கும் கட்டளையும், கீழே அதே தூரத்தில் விற்கும் கட்டளையும் வைப்பார். அந்தத் தூரத்தையும் கடந்த பத்து நாட்களின் விலைகளை வைத்துத்தான் கணக்கிடுவார். எது முதலில் தொடப்படுகிறதோ அது வியாபாரம், மற்றது பாதுகாப்பு. நமது குழுக்களில் சுற்றுவது இதன் சுருக்கப்பட்ட வடிவம்: சின்ன நாளின் உச்சியை உடைத்தால் வாங்கு, அடியை உடைத்தால் விற்றுவிடு.

இனி உண்மையான ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம்.

2020 பெப்ரவரி. அமெரிக்காவின் எஸ் அன்ட் பி 500 குறியீடு. பெப்ரவரி 4 முதல் 12 வரை ஏழு வர்த்தக நாட்கள். அவற்றின் வீச்சுகளை முழு எண்ணுக்கு அண்ணளவாக்கினால் 26, 24, 14, 19, 34, 23, 12 புள்ளிகள். கடைசியில் இருக்கும் 12தான் ஏழிலும் சின்னது. எனவே பெப்ரவரி 12 புதன்கிழமை ஒரு என்.ஆர்.7 நாள். அன்றைய உச்சி 3,381.5, அடி 3,369.7.

மறுநாள் வியாழன். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் கொரோனா நோயாளிகளைக் கணக்கிடும் முறை மாற்றப்பட்டு, ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 பேர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்திருந்தது. குறியீடு 3,365.9இல் திறந்தது. அதாவது திறக்கும்போதே முதல் நாளின் அடிக்குக் கீழே. அன்றைய மிகக் குறைந்த புள்ளி 3,360.5, மிகக் கூடியது 3,385.1. வீச்சு 24.6. முதல் நாள் 12, மறுநாள் 25. இரட்டிப்பைவிடக் கூட. "பார்த்தீர்களா, வெடித்துவிட்டது" என்று சிக்னல் அனுப்பியவர் மார் தட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் செய்தியை நம்பிக் காசு போட்டவருக்கு என்ன நடந்திருக்கும்? குறியீட்டை அப்படியே வாங்கவோ விற்கவோ முடியாதுதான். இருந்தாலும் கணக்கு விளங்குவதற்காக முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

அடி உடைந்துவிட்டது, எனவே திறந்தவுடன் 3,365.9இல் விற்கிறார். பாதுகாப்புக்கு உச்சியில், அதாவது 3,381.5இல், ஸ்டொப் லொஸ் வைக்கிறார். அதே நாளில் விலை திரும்பி அந்த உச்சியைத் தாண்டுகிறது. 15.6 புள்ளி நட்டம். இப்போது உச்சி உடைந்துவிட்டது, எனவே அதே 3,381.5இல் வாங்குகிறார். விலை 3,385 வரை போய்விட்டுத் திரும்பி, நாள் முடியும்போது 3,373.9இல் நிற்கிறது. இன்னுமொரு 7.6 புள்ளி நட்டம். மொத்தம் 23 புள்ளிக்கும் சற்று மேல். அந்த நாளின் முழு வீச்சு 25 புள்ளி. சந்தை விரிந்தது உண்மை. ஆனால் விரிந்த அளவு ஏறத்தாழ முழுவதும் அவருடைய சட்டைப்பையிலிருந்து போனது. விரிவு வேறு, திசை வேறு. என்.ஆர்.7 சொல்வது முதலாவதைப் பற்றி மட்டும்.

சரி, விரிவையாவது அது சரியாகச் சொன்னதா? இங்கேதான் 85 வீதத்தின் இரகசியம் இருக்கிறது.

அந்த ஏழு எண்களை மறுபடியும் பாருங்கள். என்.ஆர்.7 நாளுக்கு முந்திய ஆறு நாட்களின் இடை என்ன? 26, 24, 14, 19, 34, 23 கூட்டினால் 140. ஆறால் வகுத்தால் 23. வெடித்தது என்று சொன்ன வியாழக்கிழமையின் வீச்சு 25. அந்த நாட்களில் அந்தச் சந்தை வழமையாக நகர்ந்த அளவுதான் அது! 12இன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் 25 பெரிதாகத் தெரிகிறது. 23இன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாதாரண நாள்.

இதை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து துண்டுக் கடதாசியில் செய்து பார்க்கலாம். எட்டுத் துண்டுகளில் 1 முதல் 8 வரை எழுதிக் குலுக்குங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வையுங்கள். ஏழாவதாக வந்தது அதுவரை வந்த ஏழிலும் சிறியதாக இருந்தால் அது ஒரு என்.ஆர்.7. (ஏழுக்கு ஒரு தடவை அப்படி வரும். சந்தையிலும் மாதத்தில் இருபது நாள் என்றால் மூன்று தடவையளவில் எதிர்பார்க்கலாம். அது அபூர்வமான காட்சி இல்லை.) இனி எட்டாவது துண்டை எடுங்கள். அது ஏழாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டுமென்றால் எட்டிலும் சிறிய எண்ணாக, அதாவது 1 ஆக, இருக்க வேண்டும். எட்டாவது இடத்துக்கு 1 வருவதற்கான நிகழ்தகவு எட்டில் ஒன்று. எனவே எட்டில் ஏழு தடவை, அதாவது 87.5 வீதம், "மறுநாள்" பெரிதாகத்தான் இருக்கும்.

அளவையும் பாருங்கள். என்.ஆர்.7 ஆக வந்த துண்டில் பெரும்பாலும் 1 இருக்கும், எப்போதாவது 2. எட்டாவது துண்டின் இடைப் பெறுமானம் 4.5. ஆக, கடதாசித் துண்டுகளிலேயே நான்கு மடங்கு "வெடிப்பு" வந்துவிட்டது. துண்டுகளுக்குள் எந்தச் சக்தியும் அமுங்கிக் கிடக்கவில்லை. ஏழில் மிகச் சிறியதை நாமே தேடிப் பிடித்தோம். அதற்கு அடுத்து வருவது வழமையான அளவில் வந்தாலே பெரிதாகத் தெரியும்.

அதனால் 85 வீதம் சரி வந்தது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. எண் உண்மையாக இருக்கலாம். குலுக்கிய கடதாசியும் அதே எண்ணைத் தருகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

உண்மையான சந்தை கடதாசித் துண்டைப் போலவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குலுக்கிய துண்டுகளுக்கு ஞாபகம் கிடையாது. சந்தைக்கு உண்டு. பெரிய நகர்வுக்குப் பின் பெரிய நகர்வும், அமைதிக்குப் பின் அமைதியும் வரும் வழக்கத்தைக் கணிதவியலாளர் பெனுவா மண்டெல்புரோ 1963லேயே பருத்தி விலைகளைப் பற்றிய ஆய்வில் எழுதினார். அதன் பிறகு பல சந்தைகளில் அது மறுபடி மறுபடி காணப்பட்டிருக்கிறது. இது சிக்னல்காரர் சொல்வதற்கு நேர் எதிர். சின்ன நாளுக்கு அடுத்த நாள் அந்தச் சின்ன நாளைவிடப் பெரிதாக இருக்கும், ஆனால் வழமையான நாளைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதற்கே இடம் அதிகம். விரிவு கடைசியில் வரும், சரி. நாளைக்கே வரும் என்பதற்கு அந்த ஒரு குட்டைக் கோடு உத்தரவாதம் இல்லை.

பெரிய விரிவு இந்த அடையாளம் இல்லாமலும் வரும். அதே பெப்ரவரி 19ஆம் திகதி அந்தக் குறியீடு 3,386இல் முடிந்தது. அதுவரை இல்லாத உயரம். அன்றைய வீச்சு 15. அமைதியான நாள்தான், ஆனால் என்.ஆர்.7 இல்லை, ஏனென்றால் ஏழு நாள் கணக்குக்குள் 12ஆம் திகதியின் 12 இன்னும் இருந்தது. மறுநாள் வீச்சு 48. அங்கிருந்து இறங்கத் தொடங்கியது மார்ச் 23இல் 2,237 வரை போனது. நாம் எல்லோரும் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த அந்த நாட்கள்தான். அந்த வருடத்தின் மிகப் பெரிய வெடிப்புக்கு முந்திய நாள் இந்த விதி வாய் திறக்கவில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். அமெரிக்க முறையைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டால் என்ன ஆகும்?

ஒரு பங்கின் விலை 100 ரூபா என்று வைப்போம். உதாரணத்துக்குத்தான். வழமையாக அது நாளுக்கு 2.50 ரூபா அளவில் மேலும் கீழும் போகிறது. இன்று என்.ஆர்.7, வீச்சு ஒரு ரூபா. நாளை வழமைக்குத் திரும்புகிறது, 2.50. மிகச் சரியாக அடியில் வாங்கி உச்சியில் விற்றாலும் பங்கொன்றுக்கு 2.50தான் கிடைக்கும். யாராலும் அப்படிச் செய்ய முடியாது. உடைந்த பிறகு வாங்கி, நாள் முடிவில் விற்பவருக்கு ஒரு ரூபா கிடைத்தால் பெரிய விடயம். தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு ஒரு வீதத்துக்குச் சற்று மேல் போகும். வாங்க ஒரு தடவை, விற்க ஒரு தடவை. நூறு ரூபாப் பங்குக்கு இரண்டு ரூபாவுக்கு மேல். அன்றே வாங்கி விற்பதற்குச் சலுகை ஏதும் உண்டா என்று உங்கள் தரகரிடம் கேளுங்கள், பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிடைக்கக்கூடியது ஒரு ரூபா, செலவு இரண்டு ரூபா என்றால், திசையைச் சரியாகப் பிடித்தாலும் நட்டம்தான்.

அடுத்தது, நமது சந்தையில் பல பங்குகள் சில நாட்களில் கைமாறுவதே இல்லை, அல்லது ஒரே விலையில் ஒன்றிரண்டு தடவை மாறும். அன்றைய வீச்சு பூச்சியம். எக்செல் உடனே NR7 என்று எழுதிவிடும். அது சுருக்கம் இல்லை. கடையில் ஆளே வரவில்லை. அமெரிக்கச் சந்தையிலும் இதற்கு ஒரு ஒப்பு உண்டு. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த வெள்ளியன்று நியூயோர்க் சந்தை பிற்பகல் ஒரு மணிக்கே மூடும். ஆறரை மணித்தியால நாட்களோடு மூன்றரை மணித்தியால நாளை ஒப்பிட்டால் சின்னதாகத்தான் வரும். எனவே வீச்சோடு சேர்த்து எத்தனை பங்கு கைமாறியது, எத்தனை மணித்தியாலம் சந்தை திறந்திருந்தது என்பதையும் பாருங்கள்.

காசு உண்மையில் கரையும் இடம் இன்னொன்று. சின்ன நாள் என்றால் ஸ்டொப் லொஸ் கிட்டவே இருக்கும், எனவே ஆபத்துக் குறைவு, கூடுதலாக வாங்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 5,000 ரூபாவுக்கு மேல் இழக்க மாட்டேன் என்று தீர்மானித்த ஒருவர், ஸ்டொப் 2.50 தூரத்தில் இருந்தால் 2,000 பங்கு வாங்குவார். ஒரு ரூபா தூரத்தில் இருந்தால் 5,000 பங்கு வாங்குவார். அதாவது 5 இலட்சம் ரூபாவுக்கு. ஆனால் நாளை விலை வழமைக்குத் திரும்பி 2.50 அசையும் என்பதுதானே அவருடைய சொந்த எதிர்பார்ப்பு? அப்படி அசையும் சந்தையில் ஒரு ரூபா தூரத்து ஸ்டொப் எந்தக் காரணமும் இல்லாமலே தட்டுப்படும். பெப்ரவரி 13இல் இரண்டு பக்கமும் தட்டுப்பட்டது அப்படித்தான். அவர் எதிர்பார்த்ததே அவரை வெளியே தள்ளுகிறது, அதுவும் வழமையைவிட இரண்டரை மடங்கு பங்குகளோடு. கடன் வாங்கி, அல்லது செயலி தரும் நூறு மடங்கு கடனில் செய்கிறவருக்கு ஸ்டொப்பைத் தாண்டித் திறக்கும் ஒரு காலையே போதும்.

இந்த முறையின் அரைவாசி, கையில் இல்லாததை விற்பது. அதற்கும் கடனுக்கு வட்டி கட்டுவதற்கும் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது எங்களுடைய பாடம் இல்லை.

அப்படியானால் என்.ஆர்.7 ஒன்றுக்கும் உதவாதா? உதவும், ஆனால் சின்ன வேலைக்கு. ஏற்கனவே பங்கு வைத்திருப்பவருக்கு அது, "இந்த அமைதியைப் பார்த்து ஏமாறாதே, இந்தச் சந்தை வழமையாக இதைவிட அதிகம் அசையும்" என்று ஞாபகமூட்டும். எந்தச் செய்திக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கத் தூண்டும். மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பா, கம்பனியின் காலாண்டு அறிக்கையா? அந்தத் திகதி பத்திரிகையிலேயே இருக்கும்.

சிக்னல் அனுப்புகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மறுநாளின் வீச்சை நீங்கள் சின்ன நாளோடு ஒப்பிட்டீர்களா, அல்லது வழமையான இடையோடா? ஒரே நாளில் இரண்டு பக்கமும் உடைந்த நாட்களை உங்கள் 85 வீதத்தில் எந்தப் பக்கம் சேர்த்தீர்கள்? தரகுக் கூலியைக் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு? நல்ல கணக்கு வைத்திருப்பவர் மூன்றுக்கும் தாளைக் காட்டுவார்.

பதில் கிடைத்தால் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். எக்செல் தாளைப் போடத் தெரியாத பிள்ளைகள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். ஒரு பங்கின் ஆறு மாத விலைகளை எடுத்துக்கொண்டு வந்தால் போதும், மிச்சத்தை உட்கார்ந்து செய்து பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.